விற்ற பொருளும் சொன்ன சொல்லும்

நம் வட்டாரத்துக் கடைகளில் பில் புத்தகம் அச்சடிக்கும்போது, அச்சகத்தார் கேட்காமலேயே அடியில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி என எந்த ஊர்க் கடையில் பார்த்தாலும் இந்த வரி இருக்கும். அது தமக்கு ஒரு கவசம் என்று வணிகப் பெருமக்களில் பலர் நம்புகின்றனர். என் கருத்து நேர்மாறானது. அந்த வரி நம்மைக் காப்பாற்றாது. வழக்கு என்று வந்தால் நமக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்படும்.

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் நேர்மையற்ற வணிகச் செயல்கள் எவை என்று சொல்லும் பிரிவு 2(47)-இல் நம்மைத் தொடும் இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று, விற்ற பொருளுக்கு ரசீது தராமல் இருப்பது. மற்றொன்று, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பது. எத்தனை நாளுக்குள் என்று ரசீதில் குறித்திருந்தால் அந்தக் காலத்துக்குள். ஒன்றும் குறிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள். அதாவது, "வாங்க மாட்டோம்" என்று அச்சடிப்பதற்குப் பதிலாக ஒரு நியாயமான கெடுவை அச்சடிக்கச் சட்டமே நமக்கு இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

இங்கே "குறை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பூச்சி, கலப்படம், எடைக்குறைவு மட்டும் குறையல்ல. தரத்திலோ அளவிலோ தூய்மையிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டியது இல்லாவிட்டால் குறை; வியாபாரி எந்த விதத்திலாவது சொன்னபடி இல்லாவிட்டாலும் குறை. கல்லாவில் உட்கார்ந்து நாம் வாயால் சொல்வதும் அந்த "எந்த விதத்தில்" அடங்கிவிடுகிறது.

நம் ஊர் அரிசி வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து புது நெல் அரவைக்கு வந்துவிட்ட நேரம். பாபநாசம் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு ஓர் அம்மாள் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, இது பழசுதானே?"

"ரெண்டு வருஷப் பழசுக்கா. சாதம் பூ மாதிரி வரும். நான் கேரண்டி."

26 கிலோ மூட்டை, விலை 1,600 ரூபாய். நாலு நாளில் அந்த அம்மாள் திரும்ப வருகிறார்.

"என்னண்ணே, பழசுன்னீங்க. சாதம் களியா குழையுது. கஞ்சியும் கூழு மாதிரி இருக்கு."

"அரிசி நல்ல அரிசிதான்க்கா. நீங்க தண்ணியைக் கூட வச்சிருப்பீங்க. பில்லைப் பாருங்க, வித்ததைத் திரும்ப வாங்கறதில்லை."

இந்த உரையாடலில் வியாபாரி தோற்ற இடம் எது? அரிசி புதியதாக இருந்தது அல்ல. புது அரிசி குழையும், அதன் கஞ்சி கெட்டியாக இருக்கும். அது அரிசியின் குணமே தவிர குறை இல்லை. புதிது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றிருந்தால் எந்த அம்மாளும் வழக்குப் போட முடியாது. "ரெண்டு வருஷப் பழசு, கேரண்டி" என்று சொன்ன நொடியில்தான் அது குறையுள்ள பொருளாக மாறிவிட்டது. மில்லுக்காரர் பழசில் புதிதைக் கலந்து அனுப்பியிருக்கலாம், கடைக்காரருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஆனால் உத்தரவாதம் கொடுத்த வாய் கடைக்காரருடையது.

"பொன்னி" என்ற பெயரிலும் இதே சிக்கல் இருக்கிறது. இன்று கடைகளில் பொன்னி என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு, ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 ரகம். நல்ல அரிசிதான், வாடிக்கையாளருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, ஒரு பெயரைச் சொல்லி விற்றால் சரக்கு அந்தப் பெயருக்குப் பொருந்த வேண்டும். மில் பில்லில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே நம் பில்லிலும் எழுதுவதில் என்ன நட்டம்?

அடுத்தது வண்டு. இதில்தான் கடையில் சத்தம் அதிகம். "உங்க வீட்ல வச்சிருந்த இடம் சரியில்லை" என்பார் கடைக்காரர். "வாங்கும்போதே இருந்துச்சு" என்பார் வந்தவர். இருவருக்கும் சாட்சி சொல்லக்கூடியது அரிசி மணிதான். அரிசி வண்டு மணியைத் துளைத்து அதற்குள் முட்டையிடும். உள்ளேயே புழு வளர்ந்து, முழு வண்டாகி, மணியில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வர நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே வாங்கிய பத்து நாளுக்குள் வண்டும் ஓட்டை விழுந்த மணிகளும் நிறையக் காணப்பட்டால், முட்டை கடைக்கோ மில்லுக்கோ சொந்தமானது. அங்கே வாதாடாமல் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். வண்டு மட்டும் மேலாக ஊர்ந்து, ஓட்டை மணி அதிகம் இல்லையென்றால், வீட்டின் பழைய டப்பாவிலிருந்து ஏறியதாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது வகை, "வீட்டுக்காரருக்குப் பிடிக்கலைண்ணே, வேற குடுங்க" என்பது. குறையில்லாத பொருளை மனம் மாறியதற்காகத் திரும்ப வாங்க வேண்டும் என்று கடைக்காரருக்குச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பிரிக்காத மூட்டையை வாடிக்கைக்காக மாற்றித் தருவது நம் விருப்பம். பாதி சமைத்துத் தீர்த்துவிட்டு மீதியைக் கொண்டுவருகிறவரிடம் மரியாதையாக மறுக்க நமக்கு முழு உரிமை உண்டு. நம்மவர்கள் இதையும் முதல் இரண்டு வகையையும் ஒரே தராசில் போட்டு, எல்லாவற்றுக்கும் அந்த அச்சடித்த வரியையே காட்டுகிறார்கள். அதுதான் கெடுதல்.

சரி, அந்த 1,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் நட்டம் யார் தலையில்? மில்லுக்காரரிடம் கேட்க வேண்டும்; கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் பிரிவு 26(4) சிறு வியாபாரிகள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று. உணவுப் பொருளை விற்பனையாளருக்கு விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்தில் உத்தரவாதம் தரவேண்டும். அவர் கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாமல் லோடு இறக்கிக்கொள்கிறவர் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் அந்த உத்தரவாதத்தைக் கைவிடுகிறார். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாத நிலையில், பழி முழுவதும் கடைசியில் விற்றவரிடம்தான் நிற்கும்.

இத்துடன் மாதிரியும் வேண்டும். மொத்த வியாபாரத்தில் காகிதப் பொட்டலத்தில் மாதிரி பார்த்துத்தான் விலை பேசுகிறோம். மாதிரி பார்த்து வாங்கினால் மொத்தச் சரக்கும் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆனால் விலை முடிந்ததும் மாதிரியைக் குருவிக்குப் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு லோடிலும் அரைக் கிலோவை உறையிலிட்டு ஒட்டி, தேதியும் மில் பில் எண்ணும் எழுதி வைத்தால், மில்லுக்காரரிடமும் பேசலாம், ஆணையத்திலும் பேசலாம். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அப்போது ஒப்பிட நம்மிடமும் ஒன்று இருக்கும்.

மளிகையோடு பல்பு, டார்ச் லைட் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல்பின் கழுத்தில் பேனாவால் தேதி எழுதிக் கொடுத்து, "ஒரு வருஷத்துக்குள்ள போச்சுன்னா கொண்டாங்க, மாத்தித் தரேன்" என்கிறோம். கம்பெனி அட்டையில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால், மீதி ஆறு மாதம் நம் சொந்த உத்தரவாதம். அதைக் கம்பெனி ஏற்காது. பெயரில்லாத பல்பானால் முழு வருஷமும் நம்முடையதே. அட்டையில் இருப்பதை வாசித்துக் காட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, பேசித் தீராமல் ஆணையத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் புகார் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புகார்தாரர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கும்பகோணத்துக் கடையில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுபோனவர் சென்னையில் போட்டால், நாம் அங்கே போய் நிற்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை அவருக்கு அவகாசம் உண்டு. ரசீது கொடுக்கவில்லையே என்று தெம்பாக இருக்கவும் முடியாது. கைபேசியில் பணம் வந்த பதிவு தேதியோடும் தொகையோடும் இரு பக்கமும் கிடக்கிறது.

இதில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, வந்த தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டு கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிடுவதால். புகார் நகலோடு அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மேலும் பதினைந்து நாள் வரை தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் தர அதிகாரம் இல்லை. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஹில்லி மல்டிபர்ப்பஸ் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச் 4-ஆம் தேதி இதை உறுதி செய்தது. அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. புதிய சட்டத்திலும் அதே காலக்கெடுதான் எழுதப்பட்டிருக்கிறது. நாற்பத்தைந்து நாள் தாண்டிவிட்டால், நம் பக்கம் எத்தனை நியாயம் இருந்தாலும் எழுத்துப் பதில் இல்லாமலேயே வழக்கு நடக்கும். அந்தப் பதிலில்தான் மில்லையும் எதிர்தரப்பில் சேர்க்கும்படி கேட்டு, பில் நகலை இணைக்க வேண்டும். தீர்ப்பு பாதகமாகி மேல்முறையீடு போவதானால், உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கும் அன்பர்கள் அந்தப் பழைய வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதன் இடத்தில் இப்படிப் போடலாம்: "பொருளில் குறை இருப்பின், இந்த ரசீதுடன் பதினைந்து நாட்களுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் அல்லது பணம் திருப்பித் தரப்படும்." நாளை எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தம் சரக்குக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். நம் சங்கக் கிளைகள் இதை ஒரு கூட்டத்தில் பேசி, ஊர் முழுவதும் ஒரே வாசகமாக அடித்தால், ஒரு கடையில் வாங்குகிறார்கள், மறு கடையில் வாங்குவதில்லை என்ற பேச்சும் எழாது.