பதினாறு தாழம்பூ

எதிர்வீட்டு அக்கா போன வாரம் பழைய கேஸ் பில் ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்து பெயர் எழுதிக்கொண்டு வந்தார். தீபாவளிக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் முறுக்கு சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது வாரத்தில் நான்கு நாள் எண்ணெய்ச் சட்டி ஏற்றுகிறார். முறுக்கு, தட்டை, சாமை மாவில் சீடை. கள்ளக்குறிச்சிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் பஸ்ஸில் பார்சல் போகிறது. இத்தனை நாளும் வெறும் பாலித்தீன் கவர்தான், பெயர் கிடையாது.

"தம்பி, நீதானே பேப்பர்ல எழுதுற. இதுல ஒண்ணச் சொல்லு. ஸ்டிக்கர் அடிக்கிற பையன் நாளைக்குக் கேப்பான்."

பில்லில் இருந்தவை: கல்வராயன் ஸ்நாக்ஸ், அன்னை ஹோம் ஃபுட்ஸ், மேஜிக் முறுக்கு, தாழம்பூ, கடைசியாகப் பிள்ளைகள் இருவர் பெயரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டிய ஒன்று. அந்தக் கடைசியை நான் இரண்டு முறை படித்தும் வாயில் வரவில்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அதன் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டேதான் காட்டினார்.

எனக்குத் தாழம்பூ பிடித்திருந்தது. மணம் இருக்கிறது, பாட்டி வீட்டு வாசனை இருக்கிறது. ஆனாலும் ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றேன். சேலத்திலிருக்கும் அக்காவின் தங்கை, என் அலுவலக நண்பர், பார்சல் வாங்கும் உளுந்தூர்பேட்டை டீச்சர் ஆகிய மூவருக்கும் போன் போட்டோம். பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். ஒருவர் Thalampu, ஒருவர் Thazhampoo, ஒருவர் Tazhampu. மூன்று பேர், மூன்று பெயர்.

கணக்குப் போட்டால் இதில் வியப்பில்லை. 'த' வுக்கு T, Th என இரண்டு வழி. நெடிலுக்கு a, aa என இரண்டு. 'ழ' வுக்கு zh அல்லது l. 'பூ' வுக்கு poo அல்லது pu. பெருக்கினால் 16. ஒரே பூ, பதினாறு எழுத்துக்கூட்டல். டீச்சர் தன் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லி, அவர் கூகுளில் தேடினால், அக்காவின் முறுக்குக்குப் பதிலாக யாரோ விற்கும் தாழம்பூ எசென்ஸ் வந்து நிற்கும்.

தமிழில் விற்கிறோம், தமிழில் எழுதிவிட்டுப் போவோமே என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்டிக்கரில் தமிழ்ப் பெயர் பெரிதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் பொட்டலத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய விவரங்களை உணவுப் பாதுகாப்பு விதிகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோதான் கேட்கின்றன, தமிழ் கூடுதலாக இருக்கலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவுக்கான விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ஜிபே, இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் பெயர் ஆங்கில எழுத்தில்தான் உட்காரும். ஆக நாம் வைப்பது ஒரு பெயரல்ல, இரண்டு. காதுக்குத் தமிழ்ப் பெயர், கைக்கு ஆங்கில எழுத்து. இரண்டுக்கும் நடுவில் பாலம் ஆடாமல் இருக்க வேண்டும்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தியாகதுருகம் என்று தமிழில் ஒழுங்காக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் Thiyagadurgam, Tyagadurgam, Thiagadurgam, Thiyagadurugam என்று பலகைக்கொரு ஊராக இருக்கிறோம். ஊருக்கு அது பரவாயில்லை, மலையும் கோட்டையும் இடம் மாறாது. முறுக்குப் பொட்டலத்துக்கு அந்த வசதி இல்லை.

எந்த எழுத்து ஆடும், எந்த எழுத்து ஆடாது என்று அக்காவோடு உட்கார்ந்து பிரித்தோம். 'ழ'வும் 'ள'வும் ஆடும். 'த' ஆடும், நடுவில் வந்தால் d, dh என்றும் தாவும். அதிரசத்தையே adhirasam, athirasam என இருவிதமாகப் பார்க்கிறோம். 'ச' வந்தால் s-ஆ ch-ஆ என்ற குழப்பம், சீடைக்கு seedai, cheedai இரண்டும் உண்டு. நெடில் வந்தால் ஓர் எழுத்தா இரண்டா என்ற கேள்வி. ஒற்று இரட்டித்தால் ஒரு k-வை யாராவது விழுங்கிவிடுவார்கள். ம, ர, ல, ன, வ, கூடவே குறில் என்றால் பெரும்பாலும் ஒரே வழிதான். 'மலர்' என்று சொன்னால் Malar தவிர வேறு எதையும் யாரும் எழுத மாட்டார்கள். அதனால்தான் ஊருக்கு நாலு மலர் இருக்கிறது, அது வேறு தொல்லை.

பில்லில் இருந்த மற்ற பெயர்களுக்கு எழுத்தைவிடச் சட்டம்தான் சிக்கல். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பொருளின் வகையையோ தரத்தையோ ஊரையோ சொல்லும் சொல்லை மட்டும் வைத்துப் பெயர் பதிய வந்தால் பொதுவாக மறுக்கச் சொல்கிறது. நெடுங்காலம் விற்று அந்தச் சொல்லே உங்கள் அடையாளமாகிவிட்டால் கதை வேறு. கல்வராயன் என்பது மலை, அதை ஒருவர் வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது. அக்காவின் சாமை அந்த மலையிலிருந்து வராவிட்டால் அது வாங்குகிறவரை ஏமாற்றும் பெயராகவும் ஆகிவிடும். "அப்ப மணப்பாறை முறுக்குன்னு போடலாமா, எல்லாரும் போடுறாங்களே?" அதுவும் கூடாது. மணப்பாறை முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. தியாகதுருகத்தில் சுட்ட முறுக்கு எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் மணப்பாறை முறுக்கு ஆகாது.

மேஜிக் முறுக்குக்குச் சென்னை உயர் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. ஐ.டி.சி. தன் யிப்பீ நூடுல்ஸை 'மேஜிக் மசாலா' என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தது. பிறகு நெஸ்லே, மேகியில் 'மேஜிக்கல் மசாலா' கொண்டுவந்தது. வழக்கு போனது. 2020 ஜூனில் வந்த தீர்ப்பு, 'மேஜிக்' என்பது பொருளைப் புகழும் பொதுச்சொல், அதற்கு யாரும் தனியுரிமை கேட்க முடியாது என்றது. ஐ.டி.சி. போன்ற கம்பெனியால் காப்பாற்ற முடியாத சொல்லை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வார்? அடுத்த தெருவில் ஒருவர் 'மேஜிக்கல் முறுக்கு' என்று போட்டால் சண்டைக்குப் போகக்கூட முடியாது. அன்னையும் அப்படித்தான். மெஸ், ஸ்டோர், டிராவல்ஸ், நர்சரிப் பள்ளி என எத்தனை அன்னை! போனில் பெயரைச் சேமித்து வைத்திருப்பவர் முறுக்கு கேட்க நினைத்து வேன்காரருக்கு அடித்துவிடுவார்.

வீட்டில் செய்து விற்பவர்கள் பெயரைத் தேடிய கதைகளில் எனக்குப் பிடித்தது லிஜ்ஜத். 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காவில் ஒரு மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். பெயர் வந்தது மூன்று வருஷம் கழித்து, 1962-இல். தங்களுக்குள்ளேயே போட்டி வைத்தார்கள், பரிசு ஐந்து ரூபாய். வென்றது 'லிஜ்ஜத்', குஜராத்தியில் சுவை என்று பொருள். தாங்கள் சாப்பிடும்போது சொல்லும் சொல்லையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் சுவை என்று பொருள்படும் ஒரு சொல்லை நாடே ஓர் அப்பளத்தின் பெயராக நினைக்கப் பல பத்தாண்டு விற்பனை வேண்டியிருந்தது. அக்காவுக்கு அந்த அவகாசம் இல்லை.

பேசிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அவர் மாமியார் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அக்காவே சொன்னார்: "முறம்னு வச்சா?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "தொடப்பம்னு வைக்காம விட்டியே, அது வரைக்கும் சந்தோஷம்."

எனக்கு உடனே பிடித்துவிட்டது. முறம் தின்பண்டத்தின் வகையைச் சொல்லவில்லை, தரத்தைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. ஆனால் தவிடும் கல்லும் போக்கிச் சுத்தம் செய்ததை யாரும் விளக்காமலே சொல்கிறது. நாளை அக்கா தட்டையை விட்டு வற்றல் வடகத்துக்குப் போனாலும் பெயர் பொருந்தும், முறத்தில்தானே காயும். நெடில் இல்லை, ழ இல்லை, இரட்டிப்பு இல்லை. தமிழில் சிலர் 'முரம்' என்று எழுதலாம், ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான்.

மறுபடி போன். தங்கை Muram. நண்பர் Muram. டீச்சர் Moram.

டீச்சரைக் குறை சொல்ல முடியாது. அக்கா பேச்சு வழக்கில் 'மொறம்' என்றுதான் அவருக்குச் சொன்னார். உரலை ஒரல் என்று சொல்கிற வாய்தானே. எழுத்தில் உள்ள உகரம் நம் நாக்கில் ஒகரமாகிவிடுகிறது. இதை முதலிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் பதினாறு இரண்டாகியிருக்கிறது. இரண்டைச் சமாளிக்கலாம். ஸ்டிக்கரில் தமிழில் பெரிதாகவும் அடியில் Muram என்றும் போடுவது, இன்ஸ்டாகிராமில் Moram என்ற பெயரிலும் ஒரு கணக்கு எடுத்து வைத்து இங்கே திருப்பிவிடுவது என்று முடிவு.

பெயர் எண் பார்ப்பவர் ஒருவரிடம் அக்காவின் வீட்டுக்காரர் போய்வந்தார். எண் சரியில்லை, Murramm என்று வைத்தால் கொட்டும் என்றாராம். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் வாடிக்கையாளருக்கு அந்த எண் தெரியாதே, அவர் கேட்டபடிதானே தேடுவார்? "சாமி ரூம்ல Murramm-ன்னு எழுதி மாட்டிக்கலாம், பொட்டலத்துல வேண்டாம்" என்று அக்கா பஞ்சாயத்தை முடித்துவிட்டார்.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். வணிகக் குறி அலுவலகத்தின் தேடல் பக்கம் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது, கட்டணம் இல்லை. முறுக்கு, சீடை வகையறா 30-ஆவது வகுப்பில் வரும். அங்கே எழுத்துப்படி தேடுவதோடு 'phonetic' என்ற ஒலிப்படித் தேடலும் இருக்கிறது. பலர் அதைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். நம் பெயர்களுக்கு அதுதான் பயன், ஏனென்றால் ஒரே ஒலியில் வேறு எழுத்தில் ஒருவர் முன்பே பதிந்திருந்தால் அதுவும் தடைதான். Muram, Moram, Muramm என்று ஒவ்வொன்றாகப் போட்டு, கிட்டத்தில் வருவதையெல்லாம் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் விண்ணப்பம். தனிநபர் ஆன்லைனில் ஒரு வகுப்புக்குப் போட 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டு. இதைச் செய்தே ஆக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பொட்டலத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருப்பதுதான் கட்டாயம்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். இப்போது ஸ்கேன் செய்தால் அக்கா வீட்டுக்காரர் பெயர் வருகிறது. அது யார் என்று கேட்டே பாதிப் பேர் பணம் போடுவதற்குள் ஒரு போன் போடுகிறார்கள். கடை பெயரில் கணக்கு வேண்டுமானால் வங்கி பொதுவாக அந்தப் பெயர் உள்ள இரண்டு ஆதாரம் கேட்கும். உணவுப் பதிவுச் சான்றிதழும், காசில்லாமல் கிடைக்கும் உத்யம் பதிவும் போதும். ஒன்றில் Muram Foods, இன்னொன்றில் Muram Food Products என்று இருந்தால் அலைச்சல்தான். ஆகவே ஒரு தாளில் பெரிய எழுத்தில் MURAM FOODS என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். எந்த விண்ணப்பம் வந்தாலும் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஸ்டிக்கர் பையனுக்கு ஒரு வாரம் தவணை சொல்லியிருக்கிறார். நான் கிளம்பும்போது மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்மா, அந்த மொறத்த எடு. ஒன் கம்பெனிய இல்ல, என் மொறத்த."