புகையையே எரிக்கும் அடுப்பு: 4 லட்சம் வீடுகளுக்குப் போயும் ஏன் மூலையில் கிடக்கிறது?

ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சமையலறைக்குள் கேஸ் அடுப்பு இருக்கும். பின்பக்கம் போனால் மூன்று கல் அடுப்பும் இருக்கும். டீயும் தாளிப்பும் கேஸில். குளிக்க வெந்நீர், மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவது எல்லாம் விறகில். சிலிண்டர் விலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு யாருக்கும் புரியும். வேலிக்கருவை, தென்னை மட்டை, மக்காச்சோளச் சக்கை எல்லாம் காசு கொடுக்காமலே கிடைக்கிறதே.

பிரச்சனை புகை. ஆனா அந்தப் புகை என்ன என்று பார்த்தால் கதையே மாறுது. காய்ந்த விறகைச் சூடாக்கினால், அதன் எடையில் சுமார் முக்கால் பங்கு முதலில் வாயுவாகத்தான் வெளியேறும். நாம் பார்க்கும் தீ, அந்த வாயு எரிவது. எரியாமல் தப்பியதுதான் புகை. நம்பிக்கை இல்லையா? மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் மேலே போகும் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கி வந்து திரியைப் பற்றும்.

வாயு எரிய இரண்டு விஷயம் வேண்டும்: சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடு, அந்த இடத்திலேயே போதுமான காற்று. மூன்று கல் அடுப்பில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது தேவையில்லாத இடத்தில், குளிராக வந்து நுழைகிறது. வாயு கலப்பதற்குள் ஆறிவிடும். பாட்டி ஊதுகுழலை எடுத்து ஊதியதும் புகை 'பக்'கென்று பற்றுவது, அந்த இடத்துக்குச் சரியான நேரத்தில் காற்று போவதால்தான்.

இதை ஊதுகுழல் இல்லாமல் செய்வதே 'இரண்டாம் காற்று'. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிபி எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' அடுப்பு இதற்கு நல்ல உதாரணம். ஒரு சின்ன உருளைக்குள் சுமார் 600 கிராம் வில்லைகளை நிரப்பி, மேலே பற்றவைக்க வேண்டும். தீ மேலிருந்து கீழே இறங்கும். பேட்டரியில் ஓடும் குட்டி மின்விசிறி, அடியில் கொஞ்சம் காற்றைத் தரும்; அது வில்லையை வாயுவாக்க மட்டும். மீதிக் காற்று சுவருக்குள்ளேயே சூடாகி, மேல் விளிம்பில் வட்டமாக உள்ள துளைகள் வழியாகப் பீய்ச்சும். கீழிருந்து வரும் புகை அங்கே மாட்டிக்கொண்டு எரிந்துவிடும். ஒருமுறை நிரப்பினால் சுமார் ஒரு மணி நேரம்.

சரியாக எரிகிறதா என்று கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. துளைகளின் ஓரத்தில் தீ வட்டமாக நிற்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் கரி ஏறக் கூடாது. துளைக்கு மேலே வரை நிரப்பினாலோ, ஈர விறகைப் போட்டாலோ, பாதியில் எரிபொருளைக் கொட்டினாலோ, பேட்டரி தீர்ந்தாலோ புகை திரும்பிவிடும். கடைசியில் வெறும் கரி கனலும்போது புகை தெரியாது. ஆனா அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம். மூடிய குளியலறைக்குள் அடுப்பை வைக்கவே கூடாது.

2000-களின் பின்பாதியில் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் சுமார் 4 லட்சம் ஊர்ஜா அடுப்புகள் விற்றன. அறிவியலில் குறை இல்லை. சிக்கல் வில்லையில் வந்தது. கரும்புச் சக்கை போன்ற கழிவில் செய்த அந்த வில்லையைக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். சக்கைக்கு ஆலைகளிலும் போட்டி வந்ததும் விலை ஏறியது. நிறுவனத்தின் கவனம் ஹோட்டல், கேன்டீன் பக்கம் திரும்பியது. வீட்டில் இருந்த அடுப்பு மூலைக்குப் போனது. சும்மா கிடைக்கும் விறகை விட்டுவிட்டுக் காசுக்கு எரிபொருள் வாங்கச் சொன்னால், அந்தக் காசுக்கு கேஸே வாங்கலாமே என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்?

இன்னொரு பாடம் ஆப்பிரிக்காவில் இருந்து. மலாவியில் விசிறி அடுப்பு கொடுத்து, 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016-ல் வெளியானது. குழந்தைகளுக்கு நிமோனியா குறையவில்லை. குப்பை எரிப்பது, பக்கத்து வீட்டுப் புகை என்று வேறு வழிகளிலும் புகை வந்துகொண்டிருந்தது. புகையைக் குறைக்கும் அடுப்பை கேஸுக்குச் சமம் என்று விற்பது சரியல்ல.

அதனால் இந்த அடுப்புக்கு ஏற்ற இடம் சமையலறை இல்லை, பின்பக்க வெந்நீர் அடுப்புதான். அங்கே தீயைக் கூட்டிக் குறைக்கும் வேலை இல்லை. அண்டாவுக்குத் தேவையான அளவை ஒரே தடவையில் நிரப்பிவிடலாம், இடையில் கொட்ட வேண்டாம். வில்லைக்குப் பதில் நன்றாகக் காய்ந்த சோளச் சக்கையைச் சிறு துண்டாக்கிப் போட்டாலும் ஓடும்படி துளையையும் ஆழத்தையும் வடிவமைக்க வேண்டும். மானியம் கொடுப்பதாக இருந்தால், அடுப்பைக் கொடுத்ததும் கணக்கை மூடாமல், ஒரு வருஷம் கழித்து அண்டாவின் அடியில் கரி இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு மீதித் தொகையைக் கொடுக்கலாம்.