குழியின் ஆழத்தை யார் அளப்பது?

பெங்களூரில் ஈஜிபுரா மேம்பால வேலை 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதன் தூண்களுக்குள் இருக்கும் ஜல்லி எங்கோ ஒரு பாறையை வெடிவைத்துப் பிளந்து வந்ததுதான். குவாரியில் வெடி வைத்தபின் கிணறு வற்றிவிட்டது என்று நிலத்தடி நீர் ஆணையத்துக்கு மனு எழுதும் விவசாயிக்கு இந்த நகரம் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

அப்படியொரு மனு வந்தால் அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதிர்வைத்தான். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வகுத்த வரம்புக்குள் அதிர்வு இருந்தால் கோப்பை மூடிவிடலாம். ஆனால் அந்த வரம்பு வீட்டுச் சுவர் விரிசல் விடுமா என்பதற்காக வகுக்கப்பட்டது. ஊற்றுக்கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பெங்களூரைச் சுற்றியுள்ள கருங்கல் பூமியில் தண்ணீர் மேலே உள்ள மக்கிய பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் 9 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, இருநூறு மீட்டர் தள்ளிக் குவாரிக் குழி 30 மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரு வெடிப்பு இணைத்தால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் போகும். குழியில் தேங்குவதைக் குவாரிக்காரர் பம்ப் வைத்து இறைத்தபடி இருந்தால் கிணற்றுத் தண்ணீர் திரும்பாது. வெடி அந்த வெடிப்பை அகலப்படுத்தியிருக்கலாம். ஆனால் கிணற்றை நாளுக்கு நாள் வற்றவைப்பது பெரும்பாலும் அந்தப் பம்புதான். மனுவில் வெடியை மட்டும் எழுதும் விவசாயி, தன் வழக்கின் வலுவான பாதியை விட்டுவிடுகிறார்.

மழை பொய்த்ததாலும் அக்கம்பக்கத்து போர்வெல்களாலும் கிணறு வற்றும். அதை மறுக்க வேண்டியதில்லை, பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரே மழை பெய்த வட்டாரத்தில் குழிக்கு அருகிலுள்ள கிணறுகளையும் தொலைவிலுள்ளவற்றையும் அளக்க வேண்டும். எல்லாம் ஒன்றுபோல இறங்கியிருந்தால் வறட்சி. குழியை நெருங்க நெருங்க இறக்கம் கூடினால் குவாரி. சில வாரங்கள் பம்பை நிறுத்திக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. குவாரி தொடங்கும் முன்பே நீர்மட்டம் பதிவாகியிருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம்.

கே.ஆர்.எஸ். அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரி வேலையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் நிறுத்தியது, ஆய்வு முடியும்வரை. நிரூபிக்கும் சுமையை அங்கே யாரும் தனி விவசாயியின் தலையில் ஏற்றவில்லை. கிணற்றுக்காரரிடம் மட்டும் ஆதாரம் கேட்பது எந்த நியாயம்?

2011ஆம் ஆண்டின் கர்நாடக நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணையம், மனுவைக் கனிமவளத் துறைக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கக் கூடாது. நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஆகவே குழியின் ஆழத்தையும் தினமும் இறைக்கும் அளவையும் குவாரிக்காரர் எழுத்தில் தர வேண்டும், ஆணையம் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும். அதுவரை பம்ப் ஓடக் கூடாது. குழிதான் காரணம் என்று தெரிந்தால், விவசாயிக்கு நட்டஈடும் மாற்றுத் தண்ணீரும் குவாரியின் செலவில் கிடைக்க வேண்டும்.