செத்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்



கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடும் இளம் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே ஏக்கம்தான்: "தினமும் ஆடுகிறேன், எய்ம் மட்டும் கைக்கு வரவில்லை." அடுத்த மேட்சைத் தொடங்கும் முன், தோற்ற மேட்ச் ஒன்றின் டெமோவை இறக்கிப் பாருங்கள். முழுவதும் வேண்டாம், நீங்கள் செத்த இடங்கள் போதும். ஒவ்வொரு சாவுக்கும் பத்து வினாடி முன்னால் போய், வேகத்தைக் குறைத்து ஓட விடுங்கள். சுவருக்குப் பின்னால் நிற்பவர்களையும் காட்டும் எக்ஸ்-ரேயை முதலில் அணைத்துவிடுங்கள். ஆடும்போது உங்களுக்குத் தெரியாததை வைத்து உங்களையே குற்றம் சொல்லக் கூடாது அல்லவா?

16 சாவுகள் என்று வைத்துக்கொள்வோம். 5 முறை துணையில்லாமல் முன்னே போய் இருவரிடம் மாட்டியிருப்பீர்கள். டஸ்ட் 2-வில் லாங் கதவைத் தாண்டும்போது எதிரியின் தலை வரக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டிய கிராஸ்ஹேர், தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அப்படி 4. இன்னும் 4 முறை, கால் நிற்பதற்குள் சுட்டிருப்பீர்கள். இந்த விளையாட்டில் ஓடிக்கொண்டே ஏகே-47 சுட்டால் குண்டு குறியிலிருந்து சிதறும். D விசையில் வலப்பக்கம் போகிறவர் அதை விட்டு A-யை ஒரு தட்டுத் தட்டி நின்று, அப்புறம்தான் சுட வேண்டும். மிச்சம் 3. கிராஸ்ஹேர் சரியான இடத்தில் இருந்தது, காலும் நின்றிருந்தது, ஆனாலும் தவறியது. எய்ம் என்று சொல்ல வேண்டியது இந்த மூன்றைத்தான்.

அதே சாவை எதிரியின் கண் வழியாகவும் ஒருமுறை பாருங்கள். உங்கள் தோள் சுவரோரம் முன்பே தெரிந்ததா, நீங்கள் வரும் வழியில் அவர் குறி வைத்துக் காத்திருந்தாரா என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

எய்ம் லேப், கோவாக்ஸ் போன்ற பயிற்சி மென்பொருள்கள் அந்த மூன்றுக்குத்தான் மருந்து. அவற்றின் பெரும்பாலான பயிற்சிகளில் நின்ற இடத்திலிருந்தே சுடுகிறோம். காலை நிறுத்தும் பழக்கத்தை அவை சொல்லித் தராது. அதற்கு விளையாட்டுக்குள்ளேயே, ஆளில்லாத மேப்பில் பழக வேண்டும். பயிற்சி மென்பொருளில் மவுஸ் வேகம் விளையாட்டில் உள்ளதோடு பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறி தலையைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது என்றால், சிறிய, அசையாத இலக்குகளை ஒரே சொடுக்கில் அடிக்கும் பயிற்சியை எடுத்து, வேகத்தை மறந்து 15 நிமிடம் செய்யுங்கள். நகரும் எதிரியைப் பின்தொடர முடியாமல் தவறுகிறவருக்கு வேண்டியது வேறு: இலக்கின் மேலேயே குறியை வைத்திருக்கும் டிராக்கிங் பயிற்சி.

எய்ம் லேபின் கிரிட்ஷாட் ஸ்கோர் ஏறுவதைப் பார்த்து நிறைய பேர் மகிழ்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அங்கே பெரிய இலக்குகள் எப்போதும் கண்முன்னே இருக்கின்றன. விளையாட்டிலோ ஒரு தலை, ஓரமாக, ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. இரண்டு வாரம் கழித்து அதே மேப்பில் ஆடிய சில டெமோக்களைத் திறந்து, சாவுகளை அதே மாதிரி பிரித்து எண்ணுங்கள். அந்தக் கடைசி வகை குறையவே இல்லை என்றால், ஸ்கோர் எவ்வளவு ஏறியிருந்தாலும் பயிற்சியை மாற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்