வாக்கெடுப்பின்றி வாங்கப்படும் வரி

வரி விதிக்கும் உரிமை பாராளுமன்றத்துக்கே உரியது என்பர். வரவு செலவுத் திட்டம் வரும்போது அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று விவாதம் நடக்கின்றது, பத்திரிகைகள் எழுதுகின்றன, மக்கள் முணுமுணுக்கின்றனர். ஆயின், விவாதமும் வாக்கெடுப்புமின்றி, வரி என்ற பெயரே இல்லாமல் வாங்கப்படும் வரியொன்று இந்நாட்டில் உண்டு. அதனைச் செலுத்துவோர் சேமிப்போர். அதனைப் பெறுவது திறைசேரி. பொருளியலார் இதற்கு நிதி அடக்குமுறை என்று பெயரிட்டுள்ளனர்.

இதன் சூட்சுமம் எளியது. அரசே நாட்டின் மிகப் பெரிய கடனாளி. வட்டி குறையுமாயின் அதன் சுமை குறையும். விலைவாசி ஏறுமாயின் வாங்கிய கடனின் உண்மைப் பெறுமதி கரையும். ஆனால், விலை ஏறும் காலத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க எவர் முன்வருவர்? ஒருவரும் வாரார். ஆகவே வட்டிக்கு உச்சவரம்பு இட்டு, ஓடிப்போக வழியில்லாத பணத்தைச் சட்டத்தினாலோ நிருவாகத்தினாலோ அரசாங்கத்தின் பத்திரங்களில் கட்டிப்போட வேண்டியதாகின்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே நிதி அடக்குமுறை.

நமது நாட்டில் ஓட முடியாத பணம் எது? தேசிய சேமிப்பு வங்கியின் சட்டம், அதன் வைப்புகளில் 60 வீதத்துக்குக் குறையாத தொகையை அரசாங்கப் பிணையங்களில் இட வேண்டுமென்கின்றது. கமக்காரன் வெங்காயம் விற்றும், ஆசிரியை சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் வைத்த காசின் பெரும்பகுதி இவ்வாறு திறைசேரிக்குச் செல்கின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான ஊழியர் சேமலாப நிதியமோ இதனினும் இறுக்கமானது. தொழிலாளி தன் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். அப்பணத்தை முதலிடுவது மத்திய வங்கி. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அரசாங்கத்தின் பத்திரங்களிலேயே கிடக்கின்றது. கடன் வாங்கும் அரசின் வங்கியே கடன் கொடுக்கும் ஏழையின் காரியஸ்தனாகவும் இருப்பின், வட்டி பேரம் எப்படி நடக்கும்?

2020ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். வட்டியைக் குறைப்பதே பொருளாதாரத்தை உயர்த்தும் வழியென்று கொள்ளப்பட்டது. கடனட்டைக்கு 18 வீதம், அடகுக்கு 10 வீதம் என்று உச்சவரம்புகள் வந்தன. திறைசேரி உண்டியல் ஏலங்களிலும் இதற்கு மேல் வட்டி இல்லை என்று முன்கூட்டியே எல்லை குறிக்கப்பட்டது. 2021இன் தொடக்கத்தில் ஓராண்டு உண்டியலுக்குக் கிடைத்தது 5 வீதத்தையொட்டிய வட்டியே. அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க மனமின்றி முதலீட்டாளர் பின்வாங்கினர். ஏலங்கள் நிறையவில்லை. நிறையாத மிச்சத்தை மத்திய வங்கி வாங்கிக்கொண்டது. மத்திய வங்கி வாங்குவதென்றால் புதுப்பணம் படைப்பதென்றே பொருள். 2019 முடிவில் அதன் கையிலிருந்த அரசாங்கப் பிணையங்கள் 10,000 கோடி ரூபாவுக்குக் குறைவு. 2022 முடிவில் 2,50,000 கோடிக்கு மேல்!

வட்டி வரம்பும் பணவீக்கமும் வெவ்வேறு கதைகள் அல்ல என்பது இங்கே விளங்கும். சந்தை கேட்ட வட்டியைக் கொடுக்க மறுத்ததாலேயே காசு அச்சிட வேண்டி வந்தது. அச்சிட்ட காசு இறக்குமதிகளுக்காக டொலரைத் துரத்தியது. டொலர் கையிருப்பு வற்றியது. 2022 மார்ச்சில் ரூபாவைத் தாங்கிய கை விடப்பட்டது. 200 ரூபா டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. உரத்தடையும் உலகச் சந்தையில் எரிபொருள் விலையேற்றமும் விலையை உயர்த்தியமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நெருப்புக்கு எண்ணெய் வார்த்த கை எது என்பதில் ஐயமில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது.

சேமித்தவன் கதி யாது? கணக்குப் பார்ப்போம். 2021 முடிவில் சேமலாப நிதியத்தில் ஒரு தொழிலாளியின் பேரில் 1,00,000 ரூபா இருந்ததாகக் கொள்வோம். 2022க்கு நிதியம் வழங்கிய வட்டி 9 வீதம். ஏட்டில் 1,09,000 ரூபா ஆயிற்று. ஆனால் அவ்வோராண்டில் விலைகள் 57.2 வீதம் ஏறின. முந்திய ஆண்டின் விலையில் அளந்தால் அந்த 1,09,000 ரூபாவின் பெறுமதி ஏறத்தாழ 69,300 ரூபாவே. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை மறைந்தது. எந்தக் கள்ளனும் வீடு புகவில்லை. எந்த வரி அறிவித்தலும் தபாலில் வரவில்லை. 2023இல் நிதியம் 13 வீதம் கொடுத்தது. விலையேற்றம் 4 வீதமாகத் தணிந்தது. அப்போதும் அப்பணத்தின் பெறுமதி 75,300 ரூபா அளவிலேயே நின்றது. கால்பங்கு போனது போனதே.

இவ்வளவுடனும் விட்டார்களா? 2023 யூலையில் உள்நாட்டுக் கடன் சீரமைப்பு வந்தது. ஓய்வூதிய நிதியங்கள் தம் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியன பெற வேண்டும். முதலில் 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி. இணங்காவிடின் முறி வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி. இதனை விருப்பத் தெரிவு என்றனர்! வங்கிகளின் முறிகள் இத்திட்டத்தில் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன, வைப்பாளர் பாதுகாப்பு முக்கியம் என்றனர். அது நியாயமே. ஆனால் தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் நாற்பது வருடம் சேர்த்த பணத்துக்கு அந்த நியாயம் ஏன் எட்டவில்லை?

குறைந்த வட்டி கமக்காரனுக்கு நன்மையன்றோ என்று சிலர் கேட்பர். உச்சவரம்பு இருந்தால் கடன் மலிவாகும் என்பது உண்மையே; யாருக்கு மலிவாகும் என்பதே கேள்வி. வரம்புக்குள் இலாபம் சிறுத்துவிடும்போது, சிறு கடனைத் தேடி எழுதி அறவிடும் சிரமத்தை வங்கி விரும்பாது. காணியும் பிணையும் உள்ள பெரியவனுக்குக் கடன் கொடுக்கும். அல்லது அரசாங்கப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டும். சிறியவன் மாதவட்டிக்காரனின் படியேறுவான். வசதியுள்ளவன் மலிவுக்கடன் பெற்றுக் காணியும் தங்கமும் வாங்கிப் பணவீக்கத்தில் தப்புவான். வங்கிப் புத்தகமே சொத்தாக உள்ளவன் அழிவான். சேமிப்பதை விடச் செலவழிப்பதே புத்தி என்று மக்கள் கற்றுக்கொள்வர். நாட்டின் முதலீட்டு ஊற்று அத்துடன் தூர்ந்துபோகும். ஸ்டான்பேர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான மக்கினனும் ஷோவும் 1973இலேயே இதனை எடுத்துரைத்தனர்.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அரசின் ஏலங்களில் மத்திய வங்கி நேரடியாகப் பத்திரம் வாங்குவதைத் தடுத்துள்ளது. நல்லது. ஒரு கதவு மூடப்பட்டது. சிறைப்பட்ட சேமிப்பு என்னும் மற்றக் கதவு திறந்தே கிடக்கின்றது. இனி வருமானம் போதாத அரசு அக்கதவையே நாடும். ஆதலால், நாம் கேட்பது மூன்று. சேமலாப நிதியத்தை, கடனாளியின் கையிலிருந்து எடுத்து, உறுப்பினரும் அமரும் சுதந்திரமான நம்பிக்கைச் சபையிடம் ஒப்படைக்குக. தேசிய சேமிப்பு வங்கியின் 60 வீதக் கட்டாயத்தைப் படிப்படியாகத் தளர்த்துக. ஒவ்வொரு கணக்குக் கூற்றிலும் வட்டிக்கு அருகே அவ்வாண்டின் பணவீக்கத்தையும் அச்சிடுக.

மூன்றாவதற்கு ஒரு சதமும் செலவில்லை. அது வரும்வரை வாசகர் தாமே செய்து பார்க்கலாம். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியிலிருந்து வரியைக் கழித்து, எஞ்சியதிலிருந்து விலையேற்ற வீதத்தைக் கழியுங்கள். விடை பூச்சியத்துக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் நிற்குமாயின், நீங்கள் வட்டி பெறவில்லை, வரி கட்டுகின்றீர்கள். வரி வேண்டுமாயின் அரசு பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்கட்டும். முதியவரின் வங்கிப் புத்தகத்துக்குள் கை விட வேண்டாம்.