ஒரு ரசமும் மூன்று விமர்சனங்களும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுப் படித்தால் நல்லது.

என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்த மாணவி ஒருத்தி சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். போன மாதம் அவளிடமிருந்து போன். "சார், ஆளாளுக்கு ரசத்தைப் பத்தி எழுதுறாங்க. நானும் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டேன். மாத்த மாத்த ஸ்டார் குறையுது. ஒரு தடவை வந்து சாப்பிட்டுப் பாருங்க சார்" என்றாள். போனேன்.

செல்போனில் மூன்று விமர்சனங்களைக் காட்டினாள். முதலாவது, "ரசம் ப்ளாண்ட், கொஞ்சம் டேங்கியாக இருக்கலாம்." இரண்டாவது, "ரசம் டூ பன்ஜென்ட்." மூன்றாவது, "ஓவர் புளிப்பு, வேஸ்ட்."

முதலாவதைப் பார்த்ததும் புளியைக் கூட்டியிருக்கிறாள். பத்து லிட்டர் ரசத்துக்கு 200 கிராம் புளி போட்டுக்கொண்டிருந்தவள் 300 ஆக்கிவிட்டாள். இரண்டாவதற்கு அகராதியைப் பார்த்தாளாம். 'காரமான' என்று போட்டிருந்ததால் மிளகைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். அதன் பிறகு வந்ததுதான் மூன்றாவது.

பழைய அளவிலேயே ஒரு சின்னப் பாத்திரத்தில் ரசம் வைக்கச் சொன்னேன். வாயில் வைத்ததும் சப்பென்று இருந்தது, உண்மைதான். மூன்று டம்ளரில் ஊற்றி, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றில் கொஞ்சம் புளிக்கரைசல், ஒன்றில் ரசப்பொடி போட்டு அவளையே குடித்துப் பார்க்கச் சொன்னேன். புளி போட்டது வெறுமனே புளித்தது. பொடி போட்டது தொண்டையில் உறைத்தது, ஆனாலும் ருசி எழவில்லை. உப்பு போட்ட டம்ளரில் மட்டும் தக்காளி, சீரகம், பருப்புத் தண்ணீர் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

உப்பு எப்படிக் குறைந்தது? இரண்டு மாதத்துக்கு முன் தூள் உப்பை விட்டுவிட்டுக் கல் உப்புக்கு மாறியிருக்கிறாள். கரண்டியை மாற்றவில்லை. கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவாகத்தான் நிற்கும். தராசில் வைத்துப் பார்த்தோம். 90 கிராம் விழ வேண்டிய இடத்தில் 60 தான் விழுந்திருந்தது.

நம் வீடுகளில் இதற்கு என்ன சொல்வோம்? 'உப்புச் சப்பில்லை' என்போம். நோயும் மருந்தும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. கேட்ட சமையல்காரரின் கை முதலில் உப்பு ஜாடிக்குத்தான் போகும். 'ப்ளாண்ட்' என்ற சொல்லைக் கேட்டவளின் கை புளிக்குப் போனது. ஆங்கிலச் சொல்லில் குற்றமில்லை. அந்தச் சொல்லுக்கு, உறைப்பும் மணமும் குறைந்து வயிற்றுக்கு இதமாக இருக்கிற பத்தியச் சாப்பாடு என்ற பொருளும் உண்டு. எழுதியவர் எதை நினைத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்தது 'பன்ஜென்ட்'. இது இரட்டைச் சொல். நாக்கில் எரிகிற மிளகுக்கும் சொல்வார்கள், மூக்கில் ஏறுகிற வாடைக்கும் சொல்வார்கள். அவளுடைய ரசத்தில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். எரிச்சல் அப்படியே இருந்தால் அது மிளகு, மிளகாய். மூக்கைப் பிடித்தவுடன் காணாமல் போய், விட்டவுடன் திரும்பி வந்தால் அது வாசனை. அவள் குடித்தாள், மூக்கை விட்டாள், முகம் சுளித்தாள். "பெருங்காயம் சார்!"

அதேதான். அவசரத்தில் பெருங்காயத்தூளைத் தாளிப்பில் போடாமல், இறக்கும் நேரத்தில் ரசத்தின் மேல் தூவிக்கொண்டிருந்தாள். பெருங்காயத்தில் இருப்பவை கந்தகம் சேர்ந்த வாசனைப் பொருள்கள். சூடான நெய்யில் பொரிந்தால் அந்த முரட்டுத்தனம் அடங்கி மணமாகிவிடும். தண்ணீரில் தூவினால் பச்சை வாடை அப்படியே நிற்கும். விமர்சனம் எழுதியவர் 'பெருங்காயம் பச்சையாக நெடி அடிக்கிறது' என்று எழுதியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். ஏற்கெனவே உப்புச் சப்பில்லாமல் இருந்த ரசத்தில் மிளகும் போனதுதான் மிச்சம்.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் வரவேண்டியதே இல்லை. நாக்குக்கு உறைப்பு, மூக்குக்கு நெடி, மிளகாய் வறுக்கும்போது தொண்டைக்குக் கமறல், வேகாத கருணைக்கிழங்குக்குக் காறல். பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை, மீனுக்குக் கவிச்சி, கெட்டுப்போன குழம்புக்கு ஊசல். ஒவ்வொன்றும் எங்கே தவறு என்று விரல் நீட்டிக் காட்டுகிற சொல். அம்மாக்களும் பாட்டிகளும் பாடம் நடத்தாமலே சொல்லிக்கொடுத்த சொற்கள் இவை.

'ஜெஸ்டி' என்ற சொல்லையும் இப்போது எலுமிச்சை சாதத்துக்கு எழுதுகிறார்கள். 'ஜெஸ்ட்' என்பது எலுமிச்சை, ஆரஞ்சுப் பழங்களின் வெளித்தோல். நகத்தால் கீறினால் தெறிக்கிற எண்ணெயின் மணம் அதில் இருக்கிறது. புளிப்பு இருப்பது உள்ளே சாற்றில். சாறு மட்டும் பிழிந்த சாதம் புளிக்கும், அந்தத் தோல் மணம் அதிகம் வராது. அந்த மணம் நிஜமாகவே வேண்டுமென்றால், நாரத்தை இலை இடித்துச் செய்த வேப்பிலைக்கட்டியைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அங்கே தாராளமாக 'ஜெஸ்டி' என்று எழுதலாம், நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

"சாப்பிட வந்தவன் காசு கொடுத்துவிட்டு உனக்குப் பாடமும் எடுக்க வேண்டுமா?" என்று என் மைத்துனர் கேட்டார். நியாயம்தான். உப்பா, பெருங்காயமா என்று கண்டுபிடிப்பது சாப்பிடுகிறவர் வேலையல்ல. ஆனால் எங்கே தெரிந்தது என்று மட்டுமாவது சொல்லலாமே? நாக்கிலா, மூக்கிலா, தொண்டையிலா? எப்போது தெரிந்தது, வாயில் வைத்ததுமா, விழுங்கிய பிறகா? டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோமா? எங்கே வலி என்று காட்டுகிறோம். அவ்வளவுதான் நான் கேட்பது. 'செம', 'வேற லெவல்' என்று புகழ்வதும் இதே கதைதான். எதனால் நன்றாக இருந்தது என்று தெரியாவிட்டால் நாளைக்கு அதைத் திரும்பச் செய்ய முடியாது.

இன்னொன்று. சளி பிடித்திருக்கும்போது விமர்சனம் எழுதாதீர்கள். மூக்கடைத்தவருக்கு எந்த ரசமும் பாதி ரசம்தான்.

அவள் இப்போது உப்பைத் தராசில் நிறுத்துப் போடுகிறாள், பெருங்காயம் நெய்யில் பொரிகிறது, புளி 200 கிராமுக்குத் திரும்பிவிட்டது, மிளகும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. போன ஞாயிறு போய்ச் சாப்பிட்டேன். என் விமர்சனத்தை அங்கேயே எழுதிவிட்டு வந்தேன்: "ரசத்தில் உப்பு சரி. புளிப்பு நாக்கின் ஓரத்தில் தொட்டுவிட்டுப் போகிறது. மிளகு விழுங்கிய பிறகு தொண்டையில் தெரிகிறது. பருப்பு இன்னும் கொஞ்சம் மசிந்திருக்கலாம்."

படித்துவிட்டு அவள் சொன்னது: "பருப்பைக் கவனிக்கிறேன் சார்."

உங்கள் வீட்டில் வாடைக்கும் ருசிக்கும் சொல்கிற சொற்கள் வேறு இருந்தால் கீழே எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள், குறித்து வைத்துக்கொள்கிறேன்.