நாடா இறுகும் மாலைப் பொழுது



முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. "காலையில பாவாடை நாடா தொளதொளன்னு கெடக்கு. சாயங்காலம் அதே நாடாவ முடிச்சுப் போட முடியல. டேப் வச்சுப் பாத்தா காலையில 32 இஞ்சு, ராத்திரி 34. சாப்பாட்டையும் பாதியா கொறச்சாச்சு. எப்படித்தான் கொழுப்பு ஏறுதுன்னு தெரியல" என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு, உடம்பு மெலிய வைக்கும் டீ என்று விற்கிற பாக்கெட் ஒன்றை வாங்கிக் குடித்திருக்கிறார். மூன்றே நாளில் இடுப்பு இரண்டு இஞ்சு இறங்கியிருக்கிறது. நிறுத்திய வாரத்திலேயே பழையபடி ஏறிவிட்டது. "அப்ப நான் ஆயுசுக்கும் இத குடிக்கணுமா?" என்பது அவருடைய கேள்வி.

பாக்கெட்டின் மேலட்டையை வெட்டிக் கடிதத்தோடு வைத்திருந்தார். அதில் பொடி எழுத்தில் இருந்த முதல் பொருள் சென்னா இலை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் நிலவாகை, நிலாவாரை என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். உலக மருந்து வணிகத்தில் அதற்கு 'டின்னவேலி சென்னா' என்று பெயர். டின்னவேலி என்பது ஆங்கிலேயர் வாயில் நுழைந்த திருநெல்வேலி. அரபு நாட்டுச் செடியான இதை அன்றைய திருநெல்வேலிச் சீமையின் வறண்ட நிலங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏற்றினார்கள். எகிப்து வழியாக வந்ததை 'அலெக்சாண்ட்ரியா சென்னா' என்றும் இங்கிருந்து போனதை 'டின்னவேலி சென்னா' என்றும் பிரித்து பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே எழுதி வைத்தார்கள். ஆக, மெலிய வைக்கும் டீ என்று உலகமெங்கும் விற்கிற பல பாக்கெட்டுகளுக்குள் இருப்பது நம்மூர்ப் பெயர் சூடிய பேதி இலை. மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. மெலிவதற்கு மட்டும் அது மருந்தே அல்ல. காரணம், அது வேலை செய்யும் இடம்.

நாம் சாப்பிட்ட சோறு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றின் சத்தும் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பெருங்குடலுக்கு வந்து சேர்வது நாரும் நீரும் செரிக்காத மிச்சமும்தான். நிலவாகையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் சிறுகுடலில் ஒன்றும் செய்யாமல் இறங்கி, பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்த பிறகுதான் மருந்தாக மாறுகிறது. இரவு குடித்தால் காலையில் போவது அதனால்தான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் சாப்பாட்டின் கலோரி இரத்தத்தில் சேர்ந்து முடிந்திருக்கும். அமெரிக்காவில் 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் பேதி மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்து, லிட்டர் கணக்கில் வயிற்றுப்போக்கு போக வைத்துப் பார்த்தார்கள். உடம்பில் சேர்ந்த கலோரி ஏறக்குறைய 12 சதவீதம்தான் குறைந்தது. வெளியே போனதில் பெரும்பகுதி தண்ணீரும் உப்பும். நம் சகோதரிக்கு இறங்கிய இரண்டு இஞ்சும் அப்படித்தான் இறங்கியது, அப்படித்தான் திரும்ப ஏறியது.

அப்படியானால் மாலையில் ஏறுகிற அந்த இரண்டு இஞ்சு எது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடுப்பை உருளை என்று வைத்துக்கொண்டால், 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு 32 இஞ்சு 34 ஆக வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 1.35 லிட்டர் கூட வேண்டும். அது கொழுப்பாக இருந்தால் சுமார் 1.2 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு சேர வழக்கமான தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். ஆக 9,000 கலோரிக்கு மேல்! தினப்படிச் சாப்பாட்டுக்கும் மேலே இன்னும் நாலு நாளைக்கான சாப்பாட்டை ஒரே பகலில் சாப்பிட்டிருந்தால்தான் அது நடக்கும். பாதி வயிறு சாப்பிடுகிறவருக்கு அது நடக்க வழியே இல்லை. ராத்திரி தூங்கி எழுந்ததும் அத்தனையும் கரைந்து போவதும் கொழுப்பின் குணம் அல்ல.

"அப்போ வாய்வுதான்" என்று சொல்லத் தோன்றும். அதிலும் ஒரு திருத்தம் தேவை. சாதாரணமாக நம் குடலுக்குள் ஒரு நேரத்தில் இருக்கும் வாயு சுமார் 200 மில்லிதான், ஒரு டம்ளர் அளவு. உளுந்தஞ்சோறு சாப்பிட்ட நாளில் அது கூடும். உளுந்து, துவரை, மொச்சை போன்றவற்றில் இருக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. அதே உளுந்து மாவு புளித்து இட்லியானால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை மாவில் இருக்கும் நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. இட்லி பலருக்கு இலேசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் 1.35 லிட்டரை வாயு மட்டும் நிரப்பிவிடுவதில்லை.

ஸ்பெயினில் பார்சிலோனாவின் வால் டி ஹெப்ரான் மருத்துவமனையில் வயிறு உப்பும் நோயாளிகளை உப்பாத நேரத்திலும் உப்பிய நேரத்திலும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு உள்ளே வாயு கொஞ்சம்தான் கூடியிருந்தது. மாறியிருந்தது வேறொன்று. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்கியிருந்தது. வயிற்றின் முன்சுவர்த் தசை தளர்ந்திருந்தது. மேலேயிருந்து அழுத்தியதும் குடல் முழுவதும் முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இயல்பாக நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. குடலில் ஏதாவது கூடினால் உதரவிதானம் மேலே ஏறி இடம் கொடுக்கும், முன்சுவர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்த ஒழுங்கு புரண்டுவிடுகிறது. சிறிதளவு வாயுவோ மலமோ குடலை உறுத்தினாலும் உடம்பு தானறியாமல் இப்படிப் பதில் கொடுக்கிறது. ஆக நாடா இறுகுவது நிஜம். டேப் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது கொழுப்பு அல்ல, கொஞ்சம் சாப்பாடு, கொஞ்சம் வாயு, தேங்கிய மலம், இவை எல்லாவற்றையும் முன்னே தள்ளுகிற தசை.

தேங்கிய மலம் என்றதும் சகோதரியின் கடிதத்துக்கே திரும்ப வேண்டும். காலை ஆறு மணிக்குச் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால், ஆயிரம் பீடி முடித்துக் கடையில் கொடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்கிறார். எழுந்தால் கை ஓட்டம் நின்றுவிடுமாம். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும் என்பதால் அதையும் குறைத்துக்கொள்கிறார். காலைச் சாப்பாட்டுக்குப் பின் வயிறு கூப்பிடும் நேரத்தை அடக்கிவிடுகிறார். அப்புறம் அது கூப்பிடுவதே இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் ஆட்டுப் புழுக்கைபோல். இது எனக்குப் பெரிய வருத்தத்தைத் தந்தது, ஏனென்றால் தாமிரபரணிக் கரையின் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இதே கதைதான்.

அடக்குவது வெறும் ஒத்திவைப்பு அல்ல. ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே மலத்தை அடக்கச் சொல்லி ஆராய்ந்தபோது, மலக்குடல் மட்டுமல்ல, மேலே உள்ள பெருங்குடலின் ஓட்டமும் மெதுவானது. நின்றுபோன மலத்திலிருந்து நீர் மேலும் உறிஞ்சப்பட்டு இறுகுகிறது. நுண்ணுயிர்களுக்குப் புளிக்க வைக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. கீழே வழி அடைத்திருப்பதால் வாயுவும் வெளியேறத் திணறுகிறது. உதரவிதானத்தைச் சீண்ட இவ்வளவு போதும்.

எனவே என் பதில் இலையிலிருந்து தொடங்கவில்லை. காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் பெருங்குடலுக்கு இயல்பாகவே ஓர் உந்துதல் வரும். அந்த நேரத்தைச் சுளகுக்குக் கொடுக்காதீர்கள். உந்துதல் வராவிட்டாலும் பத்து நிமிடம் போய் உட்காருங்கள், முக்க வேண்டாம். மேலை நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு சிறு பலகை போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். கீரை, கொய்யா, இசப்கோல் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரோடு. ஒரே நாளில் நாரை ஏற்றினால் உப்புசம் முதலில் கூடத்தான் செய்யும். பார்சிலோனா மருத்துவர்கள் பயிற்சி கொடுத்துக் குணம் கண்டது மூச்சில். தோளையும் நெஞ்சையும் தளர விட்டு, மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி வயிற்றை உள்ளே இழுப்பது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் போதும். அவர்கள் தசை அசைவைத் திரையில் காட்டிப் பழக்கினார்கள்; வீட்டில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

நம் வீட்டுச் சொதிச் சாப்பாட்டில் இஞ்சிப் பச்சடி தவறாமல் இருப்பதற்கும் பொருள் உண்டு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு இரைப்பையையும் குடலில் வாயு நகர்வதையும் மெதுவாக்கும். இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்க உதவும். மறுவீட்டு விருந்தில் அதை ஓரமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

நிலவாகை வேண்டவே வேண்டாமா என்றால், எப்போதாவது சிக்கல் கடுமையாகும்போது ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் தினமும் டீயாகக் குடித்தால் வயிறு பிசையும், பொட்டாசியம் குறையும், உடம்பு தளரும். கர்ப்பிணிகளும் இதய, சிறுநீரக நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருந்தே வேண்டுமென்றால் பாக்கெட்டைவிட அங்கே போவது மேல்.

கொழுப்புதானா என்று அறிய விரும்புகிறவர்கள், காலையில் மலம் கழித்த பிறகு, சாப்பிடும் முன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் டேப் வைத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். இந்தக் காலை அளவு மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் அது கொழுப்பு. இந்தியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் வேறு கணக்கு. நம் சகோதரியின் காலை அளவு 32 இஞ்சு, அதாவது 81 சென்டிமீட்டர். எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது, அதையும் அவர் கவனிக்கத்தான் வேண்டும், ஆனால் பதற்றமில்லாமல்.

காலையிலும் வடியாத உப்புசம் ஒன்று உண்டு. அதை வீட்டு வைத்தியத்தில் விடக்கூடாது. வாரக்கணக்கில் வயிறு இறங்காமலே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, வயிறு பெருத்தும் கை கால் மெலிவது, மலத்தில் இரத்தம், ஐம்பதை நெருங்கும் வயதில் மலம் போகும் பழக்கம் திடீரென மாறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். பெண்கள் சினைப்பைக்கும் சேர்த்து ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். சினைப்பைப் புற்றுநோய் பல நேரம் வெறும் உப்புசம் போலத்தான் வரும். வாந்தியோடு வயிறு வலித்து, மலமும் காற்றும் இரண்டுமே பிரியாமல் நின்றுவிட்டால் ராத்திரி என்று பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்